பணம், திருத்தம், தாமதம்: ஃப்ரீலான்ஸ் ப்ரொஃபைலில் எப்படி எழுதினால் கஸ்டமர் முதலிலேயே ஒத்துக்கொள்வார்?

வேலூர் தோட்டப்பாளையத்தில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் டிடிபி ஆபரேட்டராக ஒன்பது வருடம் இருந்தேன். இப்போது ஆறு வருடமாகக் காட்பாடியில் வீட்டிலிருந்தே கேட்லாக், பெட்டி, நோட்டீஸ் டிசைன் செய்கிறேன். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் கம்பெனிகள், ஆரணிப் பட்டுக் கடைகள், லாங் பஜார் வியாபாரிகள், இவர்கள்தான் என் கஸ்டமர்கள். புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் எல்லோரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: பணத்தைப் பற்றி எப்படி எழுதுவது? அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே கீழே வைத்திருக்கிறேன்.

"அக்கா, ப்ரொஃபைல்லயே பணத்தைப் பத்தி எழுதினா வர்ற கஸ்டமரும் ஓடிட மாட்டாங்களா?"

சிலர் போவார்கள். ஆனால் அட்வான்ஸ் என்ற சொல்லைப் பார்த்துப் போவதில்லை. கல்யாண மண்டபத்துக்கு ஆறு மாதம் முன்பே பணம் கட்டுகிறவர்தான், பத்திரிகைக் கடையில் மாதிரி பார்த்த கையோடு பாதியைக் கொடுத்துவிட்டு வருகிறவர்தான், நம்மிடம் வந்து "முதல்ல டிசைனைக் காட்டும்மா" என்கிறார். மண்டபக்காரரிடம் பணம் கட்டினால் தேதி கிடைக்கிறது. பத்திரிகைக் கடையில் ரசீதும் "வியாழக்கிழமை வாங்க" என்ற வார்த்தையும் கிடைக்கின்றன. நம் ப்ரொஃபைலில் "அட்வான்ஸ் 50%" என்று மட்டும் இருக்கிறது. கொடுத்தால் என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்பது இல்லை.

ஆகவே பணத்தை எழுதலாமா என்று யோசிக்காதீர்கள். ஒவ்வொரு தொகைக்குப் பக்கத்திலும் அவர் கைக்கு வரும் ஒரு பொருளும் ஒரு நாளும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது நிபந்தனை மாதிரி தெரியாது, வேலை அட்டவணை மாதிரி தெரியும்.

"நான் ஏற்கெனவே டேர்ம்ஸ் எழுதி வச்சிருக்கேன். யாருமே படிக்கறதில்ல. எங்க தப்பு?"

சத்துவாச்சாரியில் இருக்கும் ஒரு தம்பியின் ப்ரொஃபைலில் கடைசியில் இப்படி இருந்தது:

> அட்வான்ஸ் கட்டாயம். அட்வான்ஸ் இல்லாமல் வேலை எடுக்கப்படாது. கரெக்‌ஷன் 2 மட்டுமே. தாமதமாகப் பணம் செலுத்துவோர் மீது அபராதம் விதிக்கப்படும். நிபந்தனைகளுக்கு உட்பட்டது.

மின்வாரிய ஆபீஸ் சுவரில் ஒட்டிய அறிவிப்பு மாதிரி இருக்கிறது. "எடுக்கப்படாது", "விதிக்கப்படும்" என்று யார் செய்வது என்றே தெரியாத வினைகள். யாரோ ஏமாற்றியதற்கு இவர் எல்லோரையும் திட்டுகிறார் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். அதோடு எதுவும் அளவில் இல்லை: அட்வான்ஸ் எவ்வளவு, கரெக்‌ஷன் என்றால் எது, தாமதம் எத்தனை நாளில் ஆரம்பிக்கிறது, எதுவுமே கிடையாது. அவர் அதிகம் செய்வது காலணி கேட்லாக். அதனால் ஒரு கேட்லாக்கையே எடுத்து உட்கார்ந்து மாற்றி எழுதினோம்:

> 16 பக்க கேட்லாக்: ரூ.18,000, 15 வேலை நாள்
>
> ரூ.7,200 வந்த மறுநாள் தொடங்குகிறேன். ஐந்தாம் நாள் 4 பக்க மாதிரி உங்கள் கையில் இருக்கும்.
>
> மாதிரிக்கு நீங்கள் ஓகே சொன்னதும் அடுத்த ரூ.7,200. மீதிப் பக்கங்களை முடித்து முழு புரூஃப் தருகிறேன்.
>
> முழு புரூஃபில் இரண்டு சுற்றுத் திருத்தம் இந்தத் தொகைக்குள் அடக்கம். அதற்கு மேல் சுற்றுக்கு ரூ.900. என் கைப்பிழையைத் திருத்துவதற்குக் கணக்கு இல்லை.
>
> நீங்கள் ஓகே சொன்னதும் கடைசி பில் ரூ.3,600. பணம் வந்த அன்றே அச்சுக்குப் போகும் கோப்பை அனுப்புகிறேன்.
>
> எந்தத் தவணையும் பில் தேதியிலிருந்து 7 நாள் தாண்டினால், முடிக்கும் தேதியும் அத்தனை நாள் தள்ளிப்போகும். 15 நாள் தாண்டினால் உங்கள் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவேன். மீண்டும் எடுக்க ரூ.1,500.

பழையதில் இருந்த மூன்று விஷயமும் இதில் இருக்கின்றன, முன்பைவிடக் கறாராகவே. ஆனால் "தொடங்குகிறேன்", "தருகிறேன்", "அனுப்புகிறேன்" என்று வேலைக்காரர் தன் பங்கைச் சொல்கிறார். கஸ்டமர் பங்கு அதற்குள் இயல்பாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. தலைப்பையும் "டேர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்" என்று வைக்கவில்லை, "வேலை எப்படி நடக்கும்" என்று வைத்தோம். சாம்பிள் படங்களுக்கு நேர் கீழே போட்டோம். படம் பார்த்ததும் வரும் அடுத்த கேள்வி "எவ்வளவு ஆகும், எத்தனை நாள்?" என்பதுதான். பதில் அங்கேயே இருந்தால் படிக்காமல் போக மாட்டார்கள்.

"பாதிக்குப் பாதி போதாதா? எதுக்கு மூணு தவணை?"

ரூ.3,000 நோட்டீஸ் வேலைக்குப் பாதிக்குப் பாதி போதும். இரண்டே நாள் வேலைக்கு மூன்று தவணை கேட்டால் சிரிப்பார்கள். ரூ.10,000க்கு மேல், ஒரு வாரத்துக்கு மேல் போகும் வேலையில்தான் பாதிக்குப் பாதி ஆபத்து. கடைசியில் நிற்பது ரூ.9,000. தொகை பெரிதாக இருந்தால் கஸ்டமருக்கு அதைத் தள்ளிப்போடும் ஆசையும் பெரிதாகவே இருக்கும். கடைசிக்கு ஐந்தில் ஒரு பங்குதான் நிற்கிறது என்றால், ரூ.3,600க்காக அச்சுத் தேதியைக் கெடுத்துக்கொள்ள யாரும் விரும்புவதில்லை.

நடுத் தவணையை எங்கே வைப்பது என்பதில் கவனம் வேண்டும். "வேலை பாதி முடிந்ததும்" என்று எழுதாதீர்கள். பாதி எது என்று யாருக்கும் தெரியாது. "மாதிரிக்கு ஓகே சொன்னதும்" என்றால் வாட்ஸ்அப்பில் அந்த "ஓகே" தேதியோடு நிற்கிறது. அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா என்பதையும் இந்த இடத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்: "மாதிரி அனுப்பிய பிறகு வேலையை நிறுத்தினால் முதல் தவணை அதுவரை செய்த வேலைக்கு, அதற்கு முன் நிறுத்தினால் ரூ.1,000 கழித்து மீதி திரும்ப." வெறுமனே "நான்-ரிஃபண்டபிள்" என்று போடுவதைவிட இதை ஆட்கள் சட்டென்று ஒத்துக்கொள்கிறார்கள்.

"ரெண்டு கரெக்‌ஷன்னு தெளிவா போட்டும், எது ஒரு கரெக்‌ஷன்னே சண்டை வருதுக்கா."

வரத்தான் செய்யும். அந்த வார்த்தை அச்சகத்திலிருந்து வந்தது. அங்கே கரெக்‌ஷன் என்றால் புரூஃபில் சிவப்பு மையால் சுழித்த எழுத்துப் பிழை. கஸ்டமர் அதே வார்த்தையை வைத்துக்கொண்டு "கலரை மாத்து", "மாடல் பொண்ணு வேண்டாம்", "எட்டுப் பக்கத்தைப் பன்னிரண்டாக்கு" வரை எல்லாவற்றையும் சொல்கிறார்.

ஆரணியில் ஒரு பட்டுக் கடைக்கு ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் செய்தேன். இரண்டு கரெக்‌ஷன் என்றுதான் பேச்சு. காலையில் பெரியவர் போன் செய்து விலையைப் பெரிதாக்கச் சொன்னார். மதியம் மகன் வாட்ஸ்அப்பில் விலையைச் சின்னதாக்கி லோகோவைப் பெரிதாக்கச் சொன்னார். ராத்திரி மாப்பிள்ளை ஒரு வாய்ஸ் நோட்: "மச்சான் சொன்னதை விடுங்க, பார்டர் மட்டும் மயில் கழுத்துப் பச்சையில போடுங்க." மறுநாள் பெரியவர், "நான் ஒண்ணுதானேம்மா சொன்னேன்" என்றார். அவர் சொன்னது உண்மை. அவர் ஒன்றுதான் சொன்னார். மொத்தம் ஒன்பது முறை அந்த நோட்டீஸைத் திறந்து மூடினேன். அடுத்த வாரமே ப்ரொஃபைலில் இருந்த அந்த ஒரு வரி இப்படி ஆனது:

> ஒரு சுற்று என்றால்: மாற்ற வேண்டிய எல்லாவற்றையும் ஒருவரே, ஒரே மெசேஜில் அனுப்புவது. எத்தனை மாற்றம் இருந்தாலும் அது ஒரு சுற்றுதான். மாதிரிக்கு ஓகே சொன்ன பிறகு அளவு, பக்கம், மொழி, அடிப்படை வடிவம் மாறினால் அது புது வேலை. தனி விலை சொல்கிறேன்.

"எத்தனை மாற்றம் இருந்தாலும்" என்பதுதான் இதில் கஸ்டமரை ஒத்துக்கொள்ள வைக்கும் சொல். அவருக்கு அது தாராளமாகத் தெரிகிறது. நமக்கும் அதுதான் லாபம். இருபது மாற்றத்தை ஒரே உட்காரலில் முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அதே இருபதும் இருபது தடவையாக வந்தால் மூன்று நாள் போய்விடும். "ஒருவரே" என்ற சொல் வீட்டுச் சண்டையை வீட்டுக்குள்ளேயே முடித்துவிட்டு வரச் சொல்கிறது. எண்ணிக்கையை ஒவ்வொரு முறையும் கோப்பின் பெயரிலேயே காட்டிவிடுங்கள்: `Aadi_Notice_Round1.pdf`, `Aadi_Notice_Round2.pdf`. இரண்டாவதை அனுப்பும்போது "இது அடக்கமான கடைசிச் சுற்று" என்று ஒரு வரி போதும். மூன்றாவது கேட்கும்போது அவரே "எவ்வளவு சேர்த்துக்கணும்?" என்பார்.

"அவங்க கொடுத்த மேட்டர்லயே தப்பு இருந்தா அது என் தப்பா?"

இல்லை. அது அடுத்த சுற்றில் சேரும். ஆனால் ஒன்று. பழைய பாமினி எழுத்துருவில் வந்த மேட்டரை யூனிகோடுக்கு மாற்றும்போது எழுத்து சிதைந்தால் அது நம் கைப்பிழை, அதற்குக் காசு கேட்கக்கூடாது. அச்சுக்கு முன் விலை, போன் நம்பர், முகவரி மூன்றையும் மட்டும் தனியாக டைப் செய்து அனுப்பி "சரிபார்த்தேன்" என்று பதில் வாங்குங்கள். பிளேட் போட்ட பிறகு போன் நம்பரில் ஓர் எண் தப்பு என்றால் பிளேட்டும் காகிதமும் யார் செலவு என்ற பேச்சு வரும். ப்ரொஃபைலில் "நீங்கள் ஓகே சொன்ன புரூஃபில் உள்ள பிழைக்கு அச்சுச் செலவை நான் ஏற்க இயலாது" என்று இருக்கட்டும்.

"லேட்டானா வட்டின்னு போடலாமா? எத்தனை பர்சன்ட்?"

முதலில் கணக்கைப் போடுங்கள். மேலே சொன்ன கேட்லாக்கில் கடைசித் தவணை ரூ.3,600. மாதம் ஒன்றரை வட்டி, 20 நாள் தாமதம். வட்டி ரூ.36. ஒரு டீ, வடைக் காசுக்காகப் போன் செய்து கேட்பீர்களா? மாட்டீர்கள். ஒரு தடவை கேட்காமல் விட்டால் மற்ற வரிகளும் சும்மா எழுதியவைதான் என்று அவர் முடிவு செய்துவிடுவார். சரி, பயமுறுத்துவோம் என்று "நாளுக்கு 5 சதவீதம்" என்று போட்டால் அது வேறு விதத்தில் உதவாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 74ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதற்கு மேல் போகாமல் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். போதாததற்குப் படிக்கும் நல்ல கஸ்டமரும் முகம் சுளிப்பார்.

அதனால் தாமதத்துக்கு நான் எழுதுவதெல்லாம் என் கையில் இருப்பவை மட்டும்: தேதி, கோப்பு, வரிசையில் இடம். இவற்றை நிறுத்தி வைக்க யாரிடமும் வசூலுக்குப் போக வேண்டாம். கோப்பு என் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. தேதி தள்ளுவது கஸ்டமருக்கு ரூ.36ஐவிட நூறு மடங்கு வலிக்கும். ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கண்காட்சித் தேதி இருக்கும், பட்டுக் கடைக்கு ஆடி முதல் நாள் இருக்கும். மீண்டும் எடுக்க ரூ.1,500 என்பதும் அபராதம் அல்ல. இரண்டு வாரம் விட்ட வேலையைத் திரும்பத் திறந்து எங்கே விட்டோம் என்று பார்க்க நிஜமாகவே அரை நாள் போகிறது. கேட்டால் இந்தக் காரணத்தைச் சொல்ல முடிகிற தொகையாக வையுங்கள்.

சிலர் "சீக்கிரம் கொடுத்தால் தள்ளுபடி" என்று வைக்கிறார்கள். நான் வைத்துப் பார்த்தேன். இருபதாம் நாள் பணம் கொடுத்தவரும் தள்ளுபடியைக் கழித்துக்கொண்டுதான் கொடுத்தார்.

"45 நாள் சட்டம்னு சொல்றாங்களே. அதை ப்ரொஃபைல்ல போட்டா பயப்படுவாங்களா?"

குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-ஐச் சொல்கிறீர்கள். அதன் 15ஆம் பிரிவுப்படி, குறு அல்லது சிறு தொழிலாகப் பதிந்தவரிடம் பொருளோ சேவையோ வாங்கியவர், எழுத்தில் பேசிய தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதி 45 நாளைத் தாண்டக் கூடாது. எதுவும் பேசவில்லை என்றால் 15 நாள். தவறினால் 16ஆம் பிரிவுப்படி ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. பேங்க் ரேட் 6 என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 18 சதவீதம். இதற்கு உத்யம் பதிவு வேண்டும். udyamregistration.gov.in தளத்தில் இலவசம். பணம் கேட்டு வரும் ஏஜென்ட் தேவையே இல்லை. வேலை எடுக்கும் முன்பே பதிந்திருங்கள். வேலை முடிந்து பாக்கி நின்ற பிறகு போய்ப் பதிந்தால் அதை வைத்தே எதிர்த்தரப்பு வாதம் செய்யும்.

ப்ரொஃபைலில் சட்டப் பிரிவை எழுத வேண்டாம். லாங் பஜார் கடைக்காரருக்கு அது வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும். உத்யம் எண்ணை மட்டும் பெயருக்குக் கீழேயும் பில்லிலும் போடுங்கள். கம்பெனிக் கணக்காளர் அதைப் பார்த்ததும் புரிந்துகொள்வார். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரியில் 43பி(எச்) என்ற ஒன்றைச் சேர்த்தது. குறு, சிறு தொழிலுக்குத் தர வேண்டியதை அந்தக் கெடுவுக்குள் தராவிட்டால், பணம் கொடுத்த வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். அதனால் மார்ச் மாதக் கடைசியில் உத்யம் எண் உள்ள பில்களைக் கணக்காளர்களே தேடி எடுத்து முடிப்பதைப் பார்க்கிறேன்.

"ஒத்துக்கிட்டார்னு எப்படிக் காட்டறது? பத்திரத்துல கையெழுத்து வாங்கணுமா?"

இருபதாயிரம் ரூபாய் வேலைக்குப் பத்திரம் என்றால் ஆள் வேறு இடத்துக்குப் போய்விடுவார். தேவையும் இல்லை. ஒப்பந்தச் சட்டம் 8ஆம் பிரிவில், நீங்கள் சொன்ன நிபந்தனையை ஒருவர் செய்து முடித்தாலே அது ஏற்பு என்று இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவும், மின்னணு முறையில் ஏற்பட்டது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது. ஆகவே விலை சொல்லும் மெசேஜின் கடைசி வரி இப்படி இருக்கட்டும்: "இந்த முறைப்படி தொடங்க முதல் தவணை ரூ.7,200 அனுப்புங்கள். அது வந்ததே உங்கள் ஒப்புதல்."

ஆனால் ப்ரொஃபைல் லிங்க்கை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். ப்ரொஃபைலை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது கஸ்டமருக்கும் தெரியும். "அன்னிக்கு அப்படி இல்லையே" என்றால் உங்களிடம் பதில் இல்லை. அந்தப் பகுதியை முழுசாக மெசேஜிலேயே ஒட்டுங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் விரைவுப் பதிலாகச் சேமித்து வைத்தால் இரண்டு தட்டலில் வந்துவிடும். அந்த உரையாடலில் மறையும் மெசேஜ் வசதி போட்டிருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு தங்கை தொண்ணூறு நாளில் எல்லாவற்றையும் அப்படித்தான் இழந்தாள்.

"முழுப் பணம் வராமலே புரூஃப் படத்தை வச்சு பிரிண்ட் அடிச்சுட்டா?"

அடித்திருக்கிறார்கள். ஆற்காட்டில் ஒரு மக்கன் பேடா கடைக்குப் பெட்டி டிசைன் செய்து, பார்வைக்கு ஒரு ஜேபெக் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அந்தப் பெட்டியிலேயே எனக்கு ஒருவர் பேடா கொண்டுவந்து கொடுத்தார். எழுத்தின் ஓரமெல்லாம் மங்கலாகப் பிசிறு தட்டியிருந்தது. அதை வைத்துத்தான் என் மூலக் கோப்பு போகவில்லை, படத்தையே பெரிதாக்கி அடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. இனிப்பு மட்டும் நன்றாக இருந்தது.

இப்போது புரூஃப் எல்லாம் அகலம் 1,000 பிக்சலுக்குள், குறுக்கே "புரூஃப்" என்ற எழுத்தோடு போகிறது. ப்ரொஃபைலில் ஒரு வரியும் உண்டு: "முழுத் தொகை வந்ததும் டிசைனைப் பயன்படுத்தும் உரிமையை எழுதித் தருகிறேன்." பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். அதனால் "எழுதித் தருகிறேன்" என்பது கஸ்டமருக்கும் உதவுகிற வரி. டிரேட்மார்க் போடப் போகிறவர்கள் தாங்களே வந்து கேட்பார்கள்.

"கம்பெனி பிஓ-லயே 60 நாள்னு இருக்கு. என் ப்ரொஃபைலை யார் மதிப்பாங்க?"

ப்ரொஃபைலுக்குப் பிறகு வரும் பர்ச்சேஸ் ஆர்டரை எதுவும் சொல்லாமல் ஏற்று வேலை செய்தால், அதில் இருப்பதுதான் நின்றுவிடும். அதனால் பிஓ வந்த அன்றே பதில் மெயில்: "ஆர்டருக்கு நன்றி. பணம் தரும் நாள் மட்டும் 30 நாள் என்று திருத்தித் தரவும். உத்யம் எண் இணைத்துள்ளேன்." பெரும்பாலும் 45க்கு வந்து நிற்பார்கள். 60 என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தாலும் மேலே சொன்ன சட்டத்தின் 45 நாள் வரம்பு போய்விடாது. ஆனால் அதை முதல் மெயிலிலேயே சொல்லி உறவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இவர்களிடம் கோப்பை நிறுத்தி வைப்பது நடக்காது. முதலில் கோப்பு, பிறகு பில் என்பதுதான் அவர்கள் முறை. எனவே முதல் தவணையையாவது விடாதீர்கள். இன்னொன்று, பில் தொகையில் 10 சதவீதம் குறைவாக வந்தால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். அது பெரும்பாலும் டிடிஎஸ்ஸாக இருக்கும். வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் ஏறுகிறதா என்று பாருங்கள்.

"சொந்தக்காரங்க, பழகின முதலாளி, இவங்ககிட்ட இதெல்லாம் எப்படிக்கா?"

பெரியப்பா கடைக்கு விலைப்பட்டியல் அனுப்ப முடியாது, எனக்கும் தெரியும். அவருக்கு இலவசமாகவே செய்துவிடுவேன், ஆனால் இரண்டு சுற்றுதான். காசு வாங்கும் வேலை என்றால் ப்ரொஃபைல்தான் எனக்குக் கேடயம்: "எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் எழுதி வச்சிருக்கேன் மாமா, பாருங்க." முகத்துக்கு நேரே கேட்கக் கூச்சமாக இருப்பதை எழுத்து கேட்டுவிடுகிறது.

"அப்வொர்க், ஃபைவர்லயும் இதே வாசகத்தைப் போடலாமா?"

கூடாது. அங்கே பணம் தளத்தின் வழியாகத்தான் வர வேண்டும். வெளியே அட்வான்ஸ் கேட்டாலே கணக்குக்கு ஆபத்து. தாமதக் கட்டணம் என்ற பேச்சும் பொருந்தாது. அப்வொர்க் நிலையான விலை வேலையில் கஸ்டமர் ஒவ்வொரு மைல்ஸ்டோனுக்கும் முன்பே பணத்தைக் கட்டி வைக்கிறார். நீங்கள் வேலையைச் சமர்ப்பித்து 14 நாள் அவர் எதுவும் செய்யாவிட்டால் அது தானாக விடுபடும். ஆகவே அங்கே எழுத வேண்டியது "மைல்ஸ்டோனில் பணம் ஏறிய மறுநாள் தொடங்குகிறேன்" என்பது மட்டும். ஏறாமல் ஒரு பக்கம்கூடச் செய்யாதீர்கள். ஃபைவரில் திருத்த எண்ணிக்கைக்குத் தனிப் பெட்டியே இருக்கிறது. அதில் 2 என்று போட்டு, ஒரு சுற்று என்றால் என்ன என்பதை மட்டும் விளக்கத்தில் சேருங்கள்.

"எல்லாம் எழுதி, ஒத்துக்கிட்டு, அப்பவும் பணம் வரலன்னா?"

எழுதியதைச் செய்ய வேண்டும், எழுதிய நாளிலேயே. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனி. கேட்லாக் முழுதும் ஓகே, கடைசி ரூ.3,600 மட்டும் நிற்கிறது. எட்டாம் நாள் அனுப்பினேன்: "சார், கடைசித் தவணை நேற்றோடு 7 நாள். இன்றிலிருந்து கோப்பு தரும் தேதி நாளுக்கு நாள் தள்ளும்." கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பதிலும் இல்லை. பதினாறாம் நாள்: "உங்கள் இடத்தில் வேறு வேலை எடுத்துவிட்டேன். மீண்டும் எடுக்க ரூ.1,500 சேர்த்து ரூ.5,100." அதோடு அவர்கள் முதல் தவணை அனுப்பிய நாளின் மெசேஜை மேலே இழுத்துப் பதிலாகக் காட்டினேன். கோப்பை ஏற்கெனவே கொடுத்துவிட்டு நிற்பவர்கள் குறு, சிறு தொழில் அமைச்சகத்தின் தளத்தில் புகார் பதியலாம். அது மாநில வசதிக் குழுவுக்குப் போகும். அங்கே தீர்ப்பு நமக்கு வந்து எதிர்த்தரப்பு அதை எதிர்க்க வேண்டுமென்றால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். ஆனால் ரூ.3,600க்கு நான் அங்கே போக மாட்டேன்.

பதினெட்டாம் நாள் அந்தக் கம்பெனியின் மெர்ச்சண்டைசர் போன் செய்தார். கண்காட்சிக்கு நாலு நாள்தான் இருக்கிறதாம். "மேடம், ஆயிரத்தி ஐநூறைக் கொஞ்சம் பாத்துக்கக் கூடாதா?" என்றார். "நீங்க அட்வான்ஸ் போடும்போதே அது இருந்துச்சே சார்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் "ஜிபே நம்பர் அதேதானே?" என்று கேட்டார்.